திருப்புமுனையை மையமாக வைத்து பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதுவது: முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் நல்ல மதிப்பெண், இரண்டு இன்டர்ன்ஷிப், ஒரு பரிசு எல்லாம் இருக்கின்றன. அவற்றை வரிசையாக எழுதினால் என்ன குறை?

உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கும் பேராசிரியரின் முன்னால் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. சி.வி. இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்களும் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப்பையும் பரிசையும் அவர் ஏற்கெனவே சி.வி.யில் பார்த்துவிட்டார். அதே செய்திகளை வாக்கியங்களாக நீட்டி எழுதினால் புதிதாக அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

மற்ற ஆவணங்கள் சொல்ல முடியாத ஒன்றைத்தான் அவர் இந்தக் கட்டுரையில் தேடுகிறார். இந்த மாணவர் ஒரு விஷயத்தை எப்படி யோசிக்கிறார்? தன் எண்ணம் தவறென்று தெரியும்போது என்ன செய்கிறார்? இந்தப் படிப்பை ஏன் இப்போது கேட்கிறார்? இந்த மூன்றுக்கும் பட்டியலில் பதில் இருக்காது. எண்ணம் மாறிய ஓர் இடத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொன்னால் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் பதில் கிடைத்துவிடும்.

என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எதைத் திருப்புமுனை என்று சொல்வது?

பெரிதாக நடந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளம், விபத்து, மேடையில் வாங்கிய விருது எல்லாம் நிகழ்ச்சிகள். ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு நீங்கள் வேலை செய்யும் முறையோ நீங்கள் கேட்கும் கேள்வியோ மாறியிருந்தால்தான் அது திருப்புமுனை. ஆய்வகத்தில் எதிர்பார்த்த அளவு வராத ஒரு நாளாக அது இருக்கலாம். கள ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு மூதாட்டி உங்கள் கேள்வித்தாளையே மறுத்துப் பேசிய அரை மணி நேரமாகவும் இருக்கலாம்.

தேடுவதற்கு ஒரு வழி உண்டு. ஒரு தாளை எடுத்து, "முன்பு இப்படி நினைத்தேன், இப்போது இப்படி நினைக்கிறேன்" என்ற வடிவில், உங்கள் துறை சார்ந்த ஐந்தாறு வாக்கியங்களை எழுதுங்கள். "முன்பு பயந்தேன், இப்போது தன்னம்பிக்கை வந்தது" போன்றவற்றை அடித்துவிடுங்கள், ஏனென்றால் அவை எந்தத் துறைக்கும் பொருந்தும். மிஞ்சும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே, எண்ணம் மாறிய பிறகு நீங்கள் வேறு விதமாகச் செய்த ஒரு செயலைக் குறியுங்கள். எதன் கீழே செயல் எதுவும் எழுத முடியவில்லையோ, அது இந்தக் கட்டுரைக்கு ஆகாது. எத்தனை உருக்கமான நினைவாக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

ஒரு முழு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

சிவில் எஞ்சினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். நிலத்தடி நீரியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அவருடைய வேலையில் ஒரு பகுதி அதற்கான குழிகளை வரைவது.

அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: "சிறு வயது முதலே நீர் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. 2019இல் சென்னை கடும் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சந்தித்தது. இது என்னை ஆழமாகப் பாதித்தது. கல்லூரியில் 8.6 சி.ஜி.பி.ஏ. பெற்றேன். கருத்தரங்கில் இரண்டாம் பரிசு வென்றேன்."

இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் 2019 கோடையில் சென்னையில் இருந்த எவரும் முதல் மூன்று வாக்கியங்களையும் எழுதிவிட முடியும். நகரத்துக்கு நேர்ந்ததும் உங்களுக்குள் மாறியதும் ஒன்றல்ல. பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டதைச் சொல்லிவிட்டு, அதனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லாவிட்டால் அது செய்தியாகத்தான் நிற்கும்.

மேலே சொன்ன தாளை அவர் நிரப்பும்போது வேறொன்று வெளியே வருகிறது: "முன்பு குழியின் கொள்ளளவுதான் முக்கியம் என்று நினைத்தேன். இப்போது மண் நீரை உள்வாங்கும் வேகம்தான் முதலில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்." அந்த மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறத்தைக் காட்டுகிறார். இரண்டாம் வரைவு அங்கிருந்து தொடங்குகிறது:

"200 சதுர மீட்டர் கூரை, 50 மில்லிமீட்டர் மழை, வழிந்தோடும் பங்கு 0.8. கிடைக்கும் நீர் 8,000 லிட்டர். இந்தக் கணக்கைப் பலமுறை போட்டு அதற்கேற்ப குழிகளை வரைந்திருக்கிறேன். நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழையில் நான் வரைந்த குழிகள் நிரம்பி வழிந்தன. மறுநாள் காலை மழை நின்ற பிறகு ஒரு குழியில் அளவுகோலை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அது 2 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிட்டிருந்தேன். அது எவ்வளவு வேகத்தில் மண்ணுக்குள் போகும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை."

இந்தப் பத்தியில் 'ஆர்வம்' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மழை நின்ற காலையில் அளவுகோலோடு குழியருகே ஒரு மணி நேரம் காத்திருந்தவருக்கு ஆர்வம் இருக்கிறதா என்று எந்தப் பேராசிரியரும் சந்தேகப்பட மாட்டார்.

நிகழ்ச்சியை எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பெரும்பாலான வரைவுகள் இங்கேதான் சரிகின்றன. நிகழ்ச்சியை உயிரோட்டமாக எழுதிவிட்டு, "அன்று என் வாழ்க்கையே மாறியது" என்று ஒரு வரி போட்டு, உடனே பல்கலைக்கழகத்தின் பெருமைக்குத் தாவிவிடுகிறார்கள். உண்மையில் கட்டுரையின் எடை நிகழ்ச்சிக்குப் பிந்தைய பகுதியில்தான் இருக்கிறது. ஆயிரம் சொல் கட்டுரையில் நிகழ்ச்சிக்கு 200 சொற்கள் போதும். அதன் பிறகு செய்தவற்றுக்கு 400 சொற்களாவது ஒதுக்குங்கள். மீதி, இன்று உங்களிடம் இருக்கும் கேள்விக்கும் அந்தப் படிப்புக்கும்.

நம் எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். அந்தப் பெண் மண் துளைக்கும் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கி, குழிக்கு அருகே வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்துப் பார்க்கிறார். சுமார் நான்கு மீட்டர் வரை களிமண், அதற்குக் கீழே மணல். அவருடைய குழியின் ஆழம் மூன்று மீட்டர். நீர் ஏன் நின்றது என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது. அடுத்த இரண்டு கட்டடங்களில், வரைபடம் போடுவதற்கு முன்பே சோதனைக் குழி தோண்டி, நீர் ஊற்றி, அது இறங்கும் வேகத்தை அளக்கலாம் என்று மேலாளரிடம் கேட்கிறார். ஒரு கட்டடத்தில் களிமண்ணைத் தாண்டி மணல்வரை போகும் உறிஞ்சுகிணறாகத் திட்டம் மாறுகிறது. மற்றொன்றில் செலவு கூடும் என்று உரிமையாளர் மறுத்துவிடுகிறார். நீர் மண்ணில் நகரும் விதத்தைப் புரிந்துகொள்ள, அவர் மாலை வேளைகளில் என்.பி.டி.இ.எல். தளத்தில் நிலத்தடி நீரியல் பாடத்தைப் படிக்கத் தொடங்குகிறார்.

உரிமையாளர் மறுத்ததைக் கட்டுரையில் விட்டுவிடலாமா என்று பலருக்குத் தோன்றும். விடாதீர்கள். எல்லாம் வெற்றியாக முடிந்த கதையைவிட, ஒன்று நடந்து ஒன்று நடக்காமல் போன கதை நம்பத்தக்கது. தவிர, அந்த மறுப்பிலிருந்துதான் அவருடைய அடுத்த கேள்வி பிறக்கிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் சோதனை செய்யச் செலவாகும் என்றால், ஒரு பகுதியில் சில இடங்களில் மட்டும் அளந்துவிட்டு மற்ற இடங்களுக்கு எந்த அமைப்பு பொருந்தும் என்று மதிப்பிட முடியுமா? பெசன்ட் நகரின் கடலோர மணலுக்கும் நகரத்தின் உட்பகுதிக் களிமண்ணுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுக்கும் பழக்கத்தை எதைக் கொண்டு மாற்றுவது?

இந்தக் கேள்வி வந்ததும் "ஏன் இந்தப் படிப்பு" என்ற பகுதி கிட்டத்தட்ட தானாகவே எழுதப்பட்டுவிடும். நீரோட்ட மாதிரிகளை மாட்ஃப்ளோ மென்பொருளில் கட்டக் கற்றுத்தரும் பாடம் ஏன் வேண்டும், குறைந்த தரவுகளைக் கொண்டு மதிப்பிடும் முறைகள் ஏன் வேண்டும் என்று காரணத்தோடு சொல்லலாம். பாடங்களின் பெயரை அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்து அடுக்கினால் இந்தத் தொடர்பு கிடைக்காது. இரண்டு பாடங்களைச் சொன்னால் போதும், அவை இரண்டும் கேள்வியோடு பொருந்த வேண்டும்.

அப்படியானால் சாதனைகளை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். கதைக்குத் தேவையான இடத்தில் அவை வரட்டும். கருத்தரங்கில் பரிசு வாங்கிய கட்டுரை மண்ணின் உறிஞ்சுதிறன் பற்றியதாக இருந்தால், குழி நிரம்பி வழிந்த பிறகு அதைப் படித்துப் பார்த்ததாகவும், அப்போது ஏட்டில் எழுதியதைக் களத்தில் ஏன் பயன்படுத்தவில்லை என்று யோசித்ததாகவும் ஒரு வாக்கியம் வரலாம். பரிசு தகவலாக வந்துவிடும், தற்பெருமையாகத் தெரியாது. கால்பந்துக் குழுவின் தலைவராக இருந்தது, ரத்ததான முகாம் நடத்தியது போன்றவை சி.வி.யிலேயே இருக்கட்டும்.

ஒரு வாக்கியம் இருக்க வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் அதை நீக்கிவிட்டுப் படியுங்கள். அடுத்த வாக்கியம் புரியாமல் போனால் திரும்பச் சேருங்கள்.

அப்பா இறந்ததுதான் என் வாழ்க்கையின் உண்மையான திருப்புமுனை. அதை எழுதலாமா?

எழுதலாம். எழுத வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வலியைக் காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். தேர்வுக்குழு துயரத்தின் அளவை ஒப்பிட்டு இடம் கொடுப்பதில்லை.

எழுதுவதென்றால், அந்த இழப்பு உங்கள் படிப்பின் கேள்வியைத் தொட்ட இடம் எது என்று பாருங்கள். அப்பாவின் சர்க்கரை நோய் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் பொதுச் சுகாதாரம் படிக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையின் கடைசி நாட்களை விவரிப்பதைவிட, ஊரிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் ஏன் முன்பே போகவில்லை என்று பிற்பாடு நீங்கள் விசாரித்ததை எழுதுங்கள். கூலி போய்விடும் என்றாரா? அறிகுறியே இல்லாததால் போகவில்லையா? அந்த விசாரணையில்தான் நீங்கள் மாணவராக வெளிப்படுகிறீர்கள். இறப்பை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும், படிப்பவருக்கு அது போய்ச் சேரும்.

எழுதும்போது உங்களால் தாங்க முடியாமல் போனால் வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைப் பலமுறை திருத்த வேண்டியிருக்கும், ஒருவேளை நேர்முகத்தில் அதைப் பற்றி அறிமுகமில்லாதவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கு உங்கள் மனம் இடம்கொடுக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் இருந்தன. அதையே திருப்புமுனையாக வைக்கலாமா?

அரியர் விழுந்தது, கடுமையாக உழைத்தேன், தேறினேன் என்பது மட்டும் கதையென்றால் வைக்காதீர்கள். அது மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும், கட்டுரை அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். அரியருக்குப் பிறகு நீங்கள் படிக்கும் முறையே மாறி, அந்த மாற்றம் இன்றைய துறைத் தேர்வுக்கு இட்டுச்சென்றது என்றால் மட்டும் எழுதுங்கள். மனப்பாடம் செய்து எழுதிய பாய்ம இயக்கவியலை, ஆய்வகத்தில் குழாய்களோடு நின்று முதலிலிருந்து கற்றீர்கள் என்பது போல.

வெறும் விளக்கம்தான் தேவையென்றால், பல விண்ணப்பப் படிவங்களில் அதற்குக் கூடுதல் தகவல் பகுதி இருக்கும். அங்கே காரணத்தை மூன்று வரிகளில் சொல்லிவிட்டுக் கட்டுரையை வேறு விஷயத்துக்கு விடுங்கள்.

எவ்வளவு நீளம் எழுத வேண்டும்? ஒரே கட்டுரையை எல்லா நாடுகளுக்கும் அனுப்பலாமா?

4,000 எழுத்துகள் என்று இணையத்தில் பரவலாகக் காணப்படும் வரம்பு, பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கான யூகாஸ் விண்ணப்பத்துக்கு உரியது. அங்கே முதுநிலைக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு நேராக விண்ணப்பிக்கிறோம், ஒவ்வொரு படிப்பும் தன் வரம்பைத் தானே சொல்கிறது. 500 சொற்கள் கேட்கும் படிப்பும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் அனுமதிக்கும் படிப்பும் உண்டு. படிப்பின் பக்கத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இரண்டு கட்டுரைகள் கேட்கின்றன. ஒன்று ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், மற்றொன்று வாழ்க்கைப் பின்னணியைச் சொல்லும் கட்டுரை. அங்கே திருப்புமுனை இரண்டாவதில் விரிவாகவும் முதலாவதில் ஒரு பத்தியாகவும் வரலாம். இரண்டிலும் ஒரே வாக்கியங்களை ஒட்டாதீர்கள், இரண்டையும் ஒருவரே அடுத்தடுத்துப் படிக்கக்கூடும். ஜெர்மனியில் கேட்கப்படும் ஊக்கக் கடிதம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பக்கம். நீங்கள் இளநிலையில் படித்த பாடங்கள் இந்த முதுநிலைக்குப் போதுமானவையா என்பதில் அங்கே கவனம் அதிகம். எனவே நம் எடுத்துக்காட்டுப் பெண் குழிக் கதையை ஐந்தாறு வரிகளுக்குச் சுருக்கி, படித்த நீரியல், மண் இயக்கவியல் பாடங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

படிவம் கட்டுரைக்குப் பதிலாகக் குறிப்பிட்ட கேள்விகளைக் கேட்டால், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். "உங்கள் ஆய்வுத் திட்டம் என்ன" என்ற கேள்விக்குத் திருப்புமுனைக் கதை பதிலாகாது. முனைவர் பட்ட விண்ணப்பங்களிலும் இப்படித்தான், அங்கே ஆய்வுக் கேள்வியும் முறையும் முன்னால் நிற்க வேண்டும்.

கன்சல்டன்சியில் பணம் கட்டினால் எழுதித் தருகிறார்கள். ஆங்கிலமும் எனக்கு அவ்வளவாக வராது. என்ன செய்வது?

அவர்களால் உங்கள் குழியையும் உங்கள் அளவுகோலையும் எழுத முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது உங்கள் சி.வி. மட்டுமே. அதை வைத்து எழுதினால் "சிறு வயது முதலே" என்றுதான் தொடங்க முடியும், அதே தொடக்கம் வேறு பலரின் பெயரிலும் போகும். கட்டுரை உங்களுடையதுதான் என்று உறுதிமொழி கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே வேறொருவர் எழுதியதை அனுப்பினால் இடமே பறிபோகலாம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், துறைக்கு வெளியே இருக்கும் ஒரு நண்பரிடமோ அக்காவிடமோ நடந்ததைத் தமிழிலேயே சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் "ஏன்?" என்று குறுக்கிடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் ஒரு படி விடுபட்டிருக்கும். பிறகு சிறிய, எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். அகராதியில் தேடி எடுத்த பெரிய சொற்கள் வேண்டாம். இலக்கணத்தை ஒருவர் பார்த்துத் திருத்துவதில் தவறில்லை. திருத்தியவர் உங்கள் உவமையையோ உங்கள் எண்களையோ மாற்றியிருந்தால் மட்டும் பழையபடி வைத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியரிடம் இதையெல்லாம் காட்ட வேண்டுமா?

காட்டுங்கள், அதுவும் கடைசித் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே. முழுக் கட்டுரையையும் படிக்க அவருக்கு நேரமில்லை என்றால், திருப்புமுனை என்ன, அதன் பிறகு என்ன செய்தீர்கள், இப்போது என்ன கேள்வி என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் நிலத்தடி நீர் பற்றி எழுதியிருக்கும்போது அவர் கடிதம் உங்கள் கான்கிரீட் புராஜெக்டை மட்டும் பாராட்டினால், படிப்பவருக்கு இரண்டு வேறு மாணவர்களைப் பற்றிப் படிப்பது போல இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் இன்னும் பொருத்தமானவர் அந்த மேலாளர். சோதனைக் குழி தோண்டலாமா என்று கேட்டபோது அவர் அங்கே இருந்தார், திட்டம் மாறியதையும் உரிமையாளர் மறுத்ததையும் நேரில் பார்த்தவர். பணி அனுபவமுள்ளவர்களிடம் பல படிப்புகள் ஒரு கடிதத்தை வேலையிடத்திலிருந்து ஏற்றுக்கொள்கின்றன. ஏற்றுக்கொள்ளும் இடமென்றால், பதவி உயர்ந்த இயக்குநரைத் தேடிப் போகாமல் இவரிடமே கேளுங்கள்.